உங்கள் தங்கக் கட்டிக்கு எண் இருக்கிறதா?

சனிக்கிழமை காலை நிகழ்ச்சியை முடித்துவிட்டு கிளமெண்டி 448 உணவங்காடியில் தேநீருக்காக நின்றிருந்தேன். எதிர்வீட்டு அண்ணன் கைப்பேசியை நீட்டினார்.

"பாரு தம்பி, நூறு கிராம் தங்கம் வாங்கிட்டேன். பெட்டகக் கட்டணம் ஒரு காசு கிடையாது."

"எந்தக் கட்டி அண்ணே உங்களோடது?"

"எந்தக் கட்டின்னா? அவங்ககிட்டதான் இருக்கு."

ஒப்பந்தத்தைத் திறக்கச் சொன்னேன். மூன்றாவது பக்கத்தில் 'அன்அலகேட்டட்' என்ற சொல் இருந்தது. அதாவது, ஒதுக்கப்படாத தங்கம். வணிகர் அவருக்கு நூறு கிராம் தர வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான். பெட்டகத்தில் இருக்கும் எதுவும் அவர் சொத்தில்லை.

ஒதுக்கப்பட்ட கணக்கில் நிலைமை வேறு. கட்டியின் வரிசை எண், எடை, தூய்மை, தயாரித்த ஆலையின் பெயர் எல்லாம் உங்கள் பெயருக்கு எதிரே பதிவாகும். அந்தக் கட்டி உங்களுடையது, வணிகர் அதைப் பாதுகாக்கிறார், அதற்குக் கட்டணமும் வாங்குகிறார். கட்டணமே இல்லையென்றால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். பெரும்பாலும் நீங்கள் தந்த பணத்தையோ தங்கத்தையோ வணிகர் தன் வியாபாரத்தில் சுழற்றிக்கொண்டிருப்பார்.

வணிகர் நன்றாக நடத்தும்வரை இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. விலை ஏறினால் இரண்டும் ஏறும், விற்றால் இரண்டிலும் பணம் வரும். அவர் நொடித்துப்போகும் நாளில்தான் தெரியும். எதிர்த்தரப்பு அபாயம் என்பது இதைத்தான்: தங்கத்தின் விலை விழும் அபாயமல்ல, தர வேண்டியவர் தர முடியாமல் போகும் அபாயம்.

இதற்கு நல்ல உதாரணம் நியூசிலாந்தில் நடந்தது. ஆக்லாந்தில் கோல்ட்கார்ப் எக்ஸ்சேஞ்ச் என்ற நிறுவனம் பொதுமக்களுக்கு ஒதுக்கப்படாத தங்கம் விற்றது. வாங்கியவர்களுக்குச் சான்றிதழ் தந்தது. ஏழு நாள் முன்னறிவிப்பு தந்தால் தங்கத்தைக் கையில் வாங்கிக்கொள்ளலாம் என்றது. எல்லாருக்கும் போதுமான இருப்பு வைத்திருப்போம் என்றும் சொன்னது. 1988 ஜூலையில் பாங்க் ஆஃப் நியூசிலாந்து தன் கடனுக்காக அங்கே ரிசீவரை நியமித்தது. பெட்டகத்தைத் திறந்து பார்த்தால், விற்ற அளவுக்குத் தங்கம் இல்லை. மேலும், வங்கிக்கு இருந்த கடன் நிறுவனத்தின் மொத்தச் சொத்தையும்விட அதிகம்.

இருக்கிற தங்கமாவது எங்களுடையது என்று வாடிக்கையாளர்கள் வழக்காடினார்கள். வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில்வரை போய், 1994 மே மாதம் தீர்ப்பு வந்தது. எந்தத் தங்கம் என்று பிரித்துச் சொல்லாதவரை அதில் உரிமை மாறாது. நிறுவனம் வாக்குறுதியை மீறியது உண்மைதான், ஆனால் அதனால் வாடிக்கையாளர் உரிமையாளராகிவிட மாட்டார், ஈடில்லாத கடனாளர்களில் ஒருவரே என்றது நீதிமன்றம். ஈடு வைத்திருந்த வங்கிக்கே முதலிடம்.

ஆனால் அதே வழக்கில் இன்னொரு கூட்டம் இருந்தது. வாக்கர் அண்ட் ஹால் என்ற வேறொரு நிறுவனத்தில் வாங்கி, பிறகு கோல்ட்கார்ப்புக்கு மாற்றப்பட்டவர்கள். இவர்களின் தங்கம் ஆரம்பத்தில் தனியாகப் பிரித்து வைக்கப்பட்டிருந்தது. ஆகவே அது இவர்களின் சொத்து என்று ஏற்கப்பட்டது. ஆனால் கோல்ட்கார்ப் பின்னால் அதை மற்றத் தங்கத்தோடு கலந்துவிட்டதால், இடையில் இருப்பு எந்த அளவுக்குக் கீழே போனதோ அந்த அளவுக்கு மேல் கேட்க முடியாது என்றானது. ஒதுக்கியதைக் கலந்தாலும் ஆபத்துதான் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

நம் ஊர் ஆட்களுக்குப் பழக்கமான வடிவம் இன்னொன்று இருக்கிறது: மாதச் சீட்டு கட்டி நகை வாங்குவது. சென்னையில் நாதெல்லா சம்பத் ஜுவல்லரி 2017இல் கடைகளை மூடியபோது, சீட்டு கட்டியவர்கள் பணம் கேட்டு அலைந்தார்கள். நகையைப் பிரித்து வைக்காத எந்தத் திட்டத்திலும் நம் நிலை அதுதான்.

இங்கே யூஓபி வங்கியின் தங்கச் சேமிப்புக் கணக்கிலும் கிராம் கணக்கு மட்டுமே. அதை நான் குறை சொல்லவில்லை. பெரிய வங்கியின் வாக்கும் சின்னக் கடையின் வாக்கும் ஒன்றல்ல. சிறிய தொகைக்கு அது வசதியானதும்கூட. ஆனால் 100,000 வெள்ளி வரையிலான வைப்புத்தொகைக் காப்புறுதி சிங்கப்பூர் வெள்ளி வைப்புகளுக்கு மட்டும்தான், தங்கக் கணக்குக்குப் பொருந்தாது என்பதைத் தெரிந்து வைத்திருங்கள்.

அண்ணனிடம் மூன்று கேள்விகளை எழுதிக் கொடுத்தேன். என் பெயரில் உள்ள கட்டியின் வரிசை எண் என்ன? பெட்டகத்தை நடத்துவது யார், வணிகரா, வேறு நிறுவனமா? அந்தப் பெட்டக நிறுவனமே தரும் கட்டிப் பட்டியலை நான் பார்க்க முடியுமா? மூன்றாவதுதான் முக்கியம். ஒதுக்கப்பட்டது என்று வணிகரே தாளில் அச்சிட்டுத் தந்துவிடலாம். ஒரே எண்ணை இருவருக்கும் எழுதிவிடலாம். பெட்டகத்தின் பட்டியலும் வெளித் தணிக்கையாளரின் எண்ணிக்கையும் ஒத்துப்போனால் மட்டுமே அந்த எண்ணுக்கு மதிப்பு.

திங்கட்கிழமை மின்தூக்கியில் பார்த்தேன். முதல் கேள்விக்கே, "உங்கள் கணக்கு வகைக்கு எண் கிடையாது" என்று பதில் வந்ததாம். ஒதுக்கப்பட்ட கணக்குக்கு மாற்ற ஆண்டுக்கு எவ்வளவு கட்டணம் என்று கேட்டு மறுபடி எழுதியிருக்கிறார்.