ஒரே ஆய்வு, இரு வேறு படங்கள்

அரசின் ஆய்வு முடிவு ஒன்று வெளியானதும், ஆளும் தரப்பு ஒரு வரைபடத்தைப் பகிர்கிறது. எதிர்த்தரப்பு இன்னொன்றைப் பகிர்கிறது. ஒன்றில் பெரும் சாதனை தெரிகிறது. மற்றொன்றில் பெரும் தேக்கம் தெரிகிறது. இரண்டிலும் உள்ள எண்கள் சரியானவையே. வேறுபாடு, அந்த எண்கள் வரையப்பட்ட விதத்தில் இருக்கிறது.

தேசிய குடும்ப நல ஆய்வை எடுத்துக்கொள்வோம். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்களின் பங்கு, 2005-06இல் நடந்த மூன்றாம் சுற்றில் 48 சதவீதம். 2015-16இல் நடந்த நான்காம் சுற்றில் அது 38.4 சதவீதம். 2019-21இல் நடந்த ஐந்தாம் சுற்றில் 35.5 சதவீதம். இந்த மூன்று எண்களைக் கொண்டே இரண்டு கதைகளையும் சொல்லிவிட முடியும்.

முதல் கதைக்கு, கடைசி இரண்டு எண்களை மட்டும் எடுத்துப் பட்டை வரைபடம் வரைந்தால் போதும். செங்குத்து அச்சை பூஜ்யத்தில் தொடங்காமல் 35இல் தொடங்கி 39இல் முடிக்க வேண்டும். இப்போது 38.4 என்ற பட்டையின் உயரம் 3.4 அலகு, 35.5 என்ற பட்டையின் உயரம் அரை அலகு மட்டுமே. முதல் பட்டை இரண்டாவதைப்போல ஏறத்தாழ ஏழு மடங்கு உயர்ந்து நிற்கும். குழந்தைகளின் வளர்ச்சிக் குறைபாடு நாட்டிலிருந்து அநேகமாக ஒழிந்துவிட்டது என்ற எண்ணம் பார்ப்பவர் மனத்தில் பதியும். அச்சில் எழுதியுள்ள எண்களைப் படித்த பிறகும் அந்தப் பதிவு எளிதில் விலகாது. ஏனெனில், பட்டையைப் பார்க்கும் கண் அதன் நீளத்தைத்தான் அளக்கிறது. நீளம் அளவைக் குறிக்க வேண்டுமானால் பட்டை பூஜ்யத்திலிருந்து புறப்பட்டாக வேண்டும்.

எல்லா வரைபடத்துக்கும் பூஜ்யம் கட்டாயம் என்று இதற்குப் பொருள் அல்ல. ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு எத்தனை பெண் குழந்தைகள் பிறக்கின்றன என்ற விகிதம், நான்காம் சுற்றில் 919. ஐந்தாம் சுற்றில் 929. இதைப் பூஜ்யத்திலிருந்து பட்டையாக வரைந்தால் இரண்டும் ஒரே உயரமாகத் தெரியும். அக்கறைக்குரிய மாற்றம் மறைந்துவிடும். இத்தகைய எண்களுக்குப் பட்டையை விட்டுவிட்டு, அச்சின் மேல் புள்ளிகளை இடுவதே பொருத்தம். புள்ளியில் கண் அளப்பது நீளத்தை அல்ல, இடத்தை. எனவே அச்சு 900இல் தொடங்கலாம். அது தெளிவாக எழுதப்பட்டிருந்தால் போதும்.

இரண்டாம் கதையான தேக்கத்துக்கு வருவோம். இம்முறை மூன்று எண்களையும் கோட்டு வரைபடமாக வரைய வேண்டும். மூன்று சுற்றுகளையும் கிடை அச்சில் சம இடைவெளியில் வைக்க வேண்டும். முதல் இடைவெளியில் கோடு 9.6 புள்ளிகள் சரியும், அடுத்ததில் 2.9 புள்ளிகள் மட்டுமே. முன்னேற்றத்தின் வேகம் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விட்டதாகத் தோன்றும். ஆனால், மூன்றாம், நான்காம் சுற்றுகளுக்கு இடையே ஏறத்தாழ பத்து ஆண்டுகள். நான்காம், ஐந்தாம் சுற்றுகளுக்கு இடையே ஏறத்தாழ நாலரை ஆண்டுகள்தாம். ஆண்டுக் கணக்கில் பார்த்தால், முன்பு ஆண்டுக்குச் சுமார் ஒரு புள்ளி குறைந்தது. பின்பு சுமார் 0.6 புள்ளி. வேகம் குறைந்தது உண்மை. அது மூன்றில் இரண்டு பங்காகக் குறைந்தது என்பதே சரியான அளவு. கிடை அச்சில் சுற்றின் பெயருக்குப் பதிலாக ஆண்டை இட்டு, ஆண்டுகளுக்கு ஏற்ப இடைவெளி விட்டிருந்தால் கோடே இதைச் சொல்லியிருக்கும். ஐந்தாம் சுற்றின் களப்பணி கரோனா பெருந்தொற்றால் இடையில் தடைபட்டு, இரு கட்டங்களாக நடந்தது என்ற குறிப்பும் படத்தின் கீழ் இருக்க வேண்டும்.

அச்சு நேர்மையாக இருந்தாலும் பெயரிடல் தவறலாம். 38.4 சதவீதம் 35.5 ஆனதை ‘2.9 சதவீதம் குறைந்தது’ என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. அது 2.9 சதவீதப் புள்ளிகள். பழைய அளவோடு ஒப்பிட்டால் 7.6 சதவீதக் குறைவு. வேண்டிய எண்ணைத் தேர்ந்து சொல்ல இந்தக் குழப்பம் வழிவிடுகிறது.

இதைவிடப் பெரிய தவறு, யாரைக் கணக்கிட்டார்கள் என்பதை விட்டுவிடுவது. ஐந்தாம் சுற்றில் ஆயிரம் ஆண்களுக்கு 1,020 பெண்கள் என்ற முடிவு வந்தபோது, ‘இந்தியாவில் ஆண்களைவிடப் பெண்கள் அதிகம்’ என்ற தலைப்புகள் வந்தன. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அந்த விகிதம் 943. குடும்ப நல ஆய்வு, தேர்ந்தெடுத்த வீடுகளில் முந்தைய இரவு தங்கியவர்களை எண்ணுகிறது. விடுதிகளிலும் படைமுகாம்களிலும் வேலையிடக் கொட்டகைகளிலும் தங்கியிருப்போர் அதில் வருவதில்லை. அவர்களில் ஆண்களே மிகுதி. ‘ஆய்வுக்கு உட்பட்ட வீடுகளில் முந்தைய இரவு தங்கியவர்கள்’ என்ற ஒரு வரி படத்தின் தலைப்பில் இருந்தால், அந்த எண்ணை நாட்டு மக்கள்தொகையின் விகிதமாக யாரும் படித்திருக்கமாட்டார்கள். பிறப்பு விகிதம் 929ஆகவே இருக்கிறது என்பதையும் அருகிலேயே தந்திருக்க வேண்டும்.

மாவட்ட அளவிலான முடிவுகளில் இன்னொரு ஆபத்து உண்டு. இந்த ஆய்வின் மாவட்டத் தகவல் தாள்களில் சில எண்கள் அடைப்புக்குறிக்குள் இருக்கும். 25 முதல் 49 பேரிடம் மட்டுமே கிடைத்த பதில்களிலிருந்து அவை கணக்கிடப்பட்டவை என்று பொருள். 25க்கும் குறைவானோர் என்றால் எண்ணே தரப்படாது. உடுக்குறி மட்டும் இருக்கும். உதாரணமாக, வயிற்றுப்போக்கு வந்த குழந்தைகளில் எத்தனை பேருக்கு உப்பு-சர்க்கரைக் கரைசல் கொடுக்கப்பட்டது என்ற கேள்விக்கு, ஒரு மாவட்டத்தில் நாற்பது குழந்தைகளே கிடைக்கலாம். அதில் இருபது பேருக்குக் கொடுக்கப்பட்டிருந்தால் முடிவு 50 சதவீதம். ஆனால், இவ்வளவு சிறிய மாதிரியில் உண்மை நிலை ஏறத்தாழ 35 முதல் 65 சதவீதம் வரை எங்கும் இருக்கலாம். வீடுகளைக் கொத்துக்கொத்தாகத் தேர்ந்தெடுக்கும் முறையால் இந்த வரம்பு இன்னும் விரியக்கூடும். அடைப்புக்குறியை நீக்கிவிட்டு மாவட்டங்களை வரிசைப்படுத்தி வண்ணம் தீட்டிய வரைபடம், தற்செயலான ஏற்றத்தாழ்வை ஆட்சியர்களின் திறமையாகவோ தோல்வியாகவோ காட்டிவிடும்.

எனவே, எதை எந்த வடிவில் தருவது? இரண்டு எண்களை ஒப்பிட ஒரு வாக்கியமே போதும். சதவீதம், விகிதம், எண்ணிக்கை என்று அலகுகள் கலந்து வந்தால், அவற்றை ஒரே அச்சில் திணிக்காமல் அட்டவணையாகத் தர வேண்டும். ஒரே அளவை பல மாநிலங்களுக்கிடையே ஒப்பிடும்போது, பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கிய பட்டைகள் உதவும். காலப்போக்கைக் காட்டக் கோடு உதவும். படம் எதுவாயினும், எத்தனை பேரிடம், எந்த ஆண்டில், யாரிடம் கேட்டது என்ற விவரத்தோடு மூல எண்களின் சிறு அட்டவணையும் அதன் கீழ் இடம்பெற வேண்டும். அந்த அட்டவணை இருந்தால், படத்தை நம்பாத வாசகர் தாமே ஒரு தாளில் அதை மீண்டும் வரைந்து பார்த்துக்கொள்வார்.