கர்ணனுக்கு ரத்த வகை பார்த்தவர்கள்

எங்கள் ஊர்ப்பக்கம் ரத்ததான முகாம் என்றால் சிறப்பு விருந்தினர் ஒருவர் இருப்பார். அவர் பேசினால் கர்ணன் வந்தே தீருவான். "ஓ நெகட்டிவ்காரர் இந்தக் காலத்துக் கர்ணன். அவர் ரத்தத்தில் எதுவுமே இல்லை, அதனால் யாருக்கும் சேரும். நெகட்டிவ்காரருக்குப் பாசிட்டிவை மாற்றி ஏற்றினால் மட்டும் அந்த நிமிடமே உயிர் போய்விடும்!" இருபத்தாறு வருடம் ரத்த வங்கியில் சோதனைக் குழாயும் கையுமாக இருந்தவன் நான். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து இதை எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. பொன்னாடை போர்த்துகிற அவசரத்தில் யாரும் மறுத்துப் பேசுவதில்லை. இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன், பேசலாம்.

முதலில் கர்ணனை முடித்துவிடுகிறேன். அவன் கவசத்தோடு குண்டலத்தையும் கழற்றிக் கொடுத்தான். ஓ வகைக்காரரும் அப்படித்தான், சிவப்பணுவோடு பிளாஸ்மாவையும் சேர்த்தே கொடுக்கிறார். அந்தப் பிளாஸ்மாவில் ஏ அணுவைத் தாக்கும் ஆன்டிபாடியும் பி அணுவைத் தாக்கும் ஆன்டிபாடியும் இருக்கின்றன. இதுதான் 'எதுவுமே இல்லாத' ரத்தம்! யாருக்கும் கொடுக்கலாம் என்பது பிளாஸ்மாவைப் பிரித்தெடுத்த பின் கிடைக்கும் சிவப்பணுப் பைக்கு மட்டும், அதுவும் வகை பார்க்க நேரமில்லாத அவசரத்துக்குச் சொன்னது. பிளாஸ்மாவில் யாருக்கும் கொடுக்கக்கூடியவர் ஏபி-காரர். அவருக்கு எந்த மேடையிலும் புராணப் பெயர் கிடைக்கவில்லை, பாவம்.

எனக்குத் தீராத எரிச்சல் அந்தக் கடைசி வாக்கியத்தில்தான். ஆர்எச் நெகட்டிவ் ஒருவர், இதற்கு முன் ரத்தம் ஏற்றிக்கொள்ளாதவர், கர்ப்பம் தரிக்காதவர் என்று வைத்துக்கொள்வோம். அவருக்குப் பாசிட்டிவ் ரத்தம் ஏறினால் அந்த நிமிடத்தில் ஒன்றும் ஆகாது. டி ஆன்டிஜெனை எதிர்க்கும் ஆன்டிபாடி அவர் உடம்பில் அதுவரை கிடையவே கிடையாது. பார்த்த பிறகுதான் அது உருவாகும், அதற்கும் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் ஆகும். அடுத்த முறை பாசிட்டிவ் ஏறினால் சிக்கல் வரும். ஆனால் அப்போதும் பெரும்பாலும் மண்ணீரல்தான் அணுக்களைப் பிடித்துப் பிடித்து அழிக்கும். காய்ச்சல், மஞ்சள் காமாலை, ஏற்றிய ரத்தம் நிற்காமல் ஹீமோகுளோபின் இறங்குவது என்று நிதானமாகத் தெரியவரும். அதனால்தான் விபத்தில் ரத்தம் கொட்டும் ஆணுக்கு நெகட்டிவ் கிடைக்காவிட்டால் டாக்டர்கள் தெரிந்தே பாசிட்டிவ் ஏற்றுகிறார்கள். இளம் பெண்ணுக்கு அதைத் தவிர்க்கப் பார்ப்பது அவள் உயிருக்குப் பயந்து அல்ல. பிற்காலத்தில் அவள் வயிற்றில் வளரப்போகும் பாசிட்டிவ் குழந்தையை அந்த ஆன்டிபாடி தாக்கும் என்பதால்.

நிமிடத்தில் கொல்வது கூட்டல் கழித்தல் குறி அல்ல, அதற்கு முன்னால் நிற்கும் எழுத்து. 1901-இல் வியன்னாவில் லாண்ட்ஸ்டைனர் கண்டது இந்த எழுத்தைத்தான். ஆர்எச் வந்து சேர ஏறக்குறைய நாற்பது வருடம் ஆயிற்று. எழுத்தின் விசித்திரம் என்னவென்றால், அடுத்தவர் ரத்தம் ஒரு சொட்டுகூட உள்ளே போகாமலேயே அதற்கு எதிரான ஆன்டிபாடி நம்மிடம் தயாராக இருக்கிறது. பிறந்த குழந்தை அதைச் சொந்தமாகச் செய்வதில்லை. மூன்று முதல் ஆறு மாதத்தில் செய்யத் தொடங்குகிறது. யார் கற்றுக்கொடுத்தது? குடலில் குடியேறும் பாக்டீரியாக்கள். ஏ, பி என்பவை சிவப்பணுவின் மேல் ஒட்டியிருக்கும் சர்க்கரைகள். அதே மாதிரியான சர்க்கரை பல பாக்டீரியாக்களின் தோலிலும் உண்டு. 1959-இல் ஸ்பிரிங்கர் குழுவினர் கிருமியே அண்டாமல் கோழிக்குஞ்சுகளை வளர்த்தார்கள். சாதாரணக் குஞ்சுகளுக்கு வழக்கமாக வரும் பி எதிர்ப்பு இவற்றுக்கு வரவில்லை. ஒரு வகை ஈ.கோலை பாக்டீரியாவைத் தீனியோடு கொடுத்ததும் வந்துவிட்டது. நம்மிடம் இருக்கும் சர்க்கரைக்கு எதிராக நாம் ஆன்டிபாடி செய்வதில்லை. இல்லாததற்கு எதிராகச் செய்து வைத்திருக்கிறோம்.

இந்த இயற்கை ஆன்டிபாடியில் பெரும்பகுதி ஐஜிஎம் வகை, பத்துக் கை உள்ளது. ஒரு ஏ அணுவின் மேல் ஏ சர்க்கரை லட்சக்கணக்கில் நெருங்கிக் கிடக்கும். டி சில பத்தாயிரம்தான், தள்ளித் தள்ளி இருக்கும். நெருக்கத்தில் பல கையால் பற்றிய ஐஜிஎம், ரத்தத்தில் மிதக்கும் காம்ப்ளிமென்ட் புரதங்களை உசுப்புகிறது. அவை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து அணுவின் சவ்வில் ஓட்டை போடுகின்றன. தண்ணீர் உள்ளே பாய்ந்து, ரத்தக் குழாய்க்குள்ளேயே அணு வெடிக்கிறது. மண்ணீரல்வரை போக வேண்டிய வேலையே இல்லை.

நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். மருத்துவமனையின் பெயர் வேண்டாம். பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் இரண்டு பேர், இரண்டு பேரும் பாசிட்டிவ். ஒருவர் ஓ, மற்றவர் ஏ. ரத்தம் எடுத்த குழாய்களுக்குக் கட்டிலருகே பெயர் எழுதாமல், மேஜைக்கு வந்து எழுதியிருக்கிறார்கள். மாறிவிட்டது. ஓ-காரர் பெயரில் எங்களுக்கு வந்தது ஏ ரத்தம். நாங்கள் ஏ என்று சரியாகத்தான் கண்டுபிடித்தோம். கிராஸ்மேட்சும் அழகாகப் பொருந்தியது, ஏனென்றால் அந்தக் குழாயிலிருந்த ரத்தத்தோடுதானே பொருத்திப் பார்த்தோம்! பை ஏறத் தொடங்கிப் பத்து நிமிடத்தில் அந்த மனிதர், ஊசி குத்திய கை எரிகிறது, இடுப்பு வலிக்கிறது, என்னவோ செய்கிறது என்றார். நர்ஸ் கெட்டிக்காரி. உடனே பையை நிறுத்தி, குழாயையும் கழற்றிவிட்டு சலைன் போட்டார். உள்ளே போனது நாற்பது மில்லி இருக்கும்.

பையும் புது ரத்த மாதிரியும் எங்களிடம் திரும்பி வந்தன. மாதிரியைச் சுழற்றினேன். மேலே வைக்கோல் நிறத்தில் நிற்க வேண்டிய பிளாஸ்மா, பீட்ரூட் கழுவிய தண்ணீராக நின்றது. வெடித்த அணுக்களின் ஹீமோகுளோபின் அது. வகை பார்த்தால் ஓ. சிறுநீர் கருஞ்சிவப்பாக இறங்கி, பிறகு குறைந்து, சிறுநீரகம் நின்று, டயாலிசிஸில் பிழைத்தார். போன அளவும் ஆன்டிபாடியின் வீரியமும் கூடியிருந்தால் ரத்த அழுத்தம் சரிந்து, உறைதல் முறை குலைந்து, குத்திய இடமெல்லாம் கசிந்து முடிந்திருக்கும். வேறொரு வேளையில் தனியாக எடுத்த இரண்டாவது மாதிரியில் வகையைச் சரிபார்த்திருந்தால் அன்றே பிடிபட்டிருக்கும். எந்த மேடையிலும் அந்த இரண்டாவது குழாயைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. கூட்டல் கழித்தல் பயம் மட்டும் கேட்டிருக்கிறேன்.

'ஓ-வில் எதுவுமே இல்லை, யாருக்கும் சேரும்' என்பதற்கு பம்பாய் 1952-லேயே பதில் சொல்லிவிட்டது. ஏ, பி சர்க்கரைகள் ஒட்டிக்கொள்வதற்கு அடியில் எச் என்று ஒன்று இருக்கிறது. அந்த எச்-சே இல்லாத சிலரை பெண்டேயும் அவரது சகாக்களும் அங்கே கண்டார்கள். இவர்கள் அணுவில் ஆன்டி ஏ, ஆன்டி பி இரண்டையும் விட்டால் கட்டியாகாது. ஓ என்று எழுதி அனுப்பிவிடுவோம். ஆனால் இவர்கள் சீரம் எடுத்து வைக்கிற ஒவ்வொரு ஓ பையையும் கட்டியாக்கும். இல்லாத எச்-க்கு எதிரான இயற்கை ஆன்டிபாடி அதில் இருக்கிறது. இன்னொரு பம்பாய் வகைக்காரரின் ரத்தம்தான் அவர்களுக்குச் சேரும். அந்த எச் எல்லா வகையையும்விட அதிகமாக இருப்பது எதில் தெரியுமா? விருந்தினர் எதுவுமே இல்லை என்று சொன்ன ஓ-வில்.