லட்டு ஊட்டும் படமும் அதன் கீழே நான்கு வரியும்

தேர்வு முடிவு வரும் வாரத்தில் நம் அலுவலக வாட்ஸ்அப்புக்கு வரும் படங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். நடுவில் சீருடையில் ஒரு மாணவி. ஒரு பக்கம் அம்மா லட்டு ஊட்டுகிறார், மறுபக்கம் தலைமை ஆசிரியை சால்வையோடு நிற்கிறார். கூடவே வரும் குறிப்பில் பெயர், அப்பா பெயர், அவர் பார்க்கும் வேலை, தெரு, ஊர், பாடவாரியாக மதிப்பெண், தேர்வுப் பதிவெண், தொடர்புக்கு ஒரு கைபேசி எண் எல்லாம் இருக்கும். 'தங்கள் இதழில் வெளியிட்டு ஊக்குவிக்கவும்' என்ற வரியோடு குறிப்பு முடியும். அனுப்பியவர் ஆசிரியராகவோ சித்தப்பாவாகவோ வார்டு கவுன்சிலராகவோ இருப்பார். படத்தில் இருக்கும் பெண்ணைக் கேட்டார்களா என்பது மட்டும் அதில் இருக்காது.

இந்த ஆண்டு முதல் நம் 'வாழ்த்துகிறோம்' பக்கத்துக்கு வரும் குறிப்பை அப்படியே அச்சுக்கு அனுப்பப் போவதில்லை. ஏன் என்பதை மேலே சொன்ன மாதிரிக் குறிப்பையே எடுத்துக்கொண்டு பார்க்கலாம்.

முதலில் அடிபடுவது பதிவெண். அரசுத் தேர்வுகள் இயக்ககத்தின் இணையதளத்தில் முடிவு பார்க்கப் பதிவெண்ணும் பிறந்த தேதியும் போதும். குறிப்பில் பதிவெண் இருக்கிறது. பிறந்த தேதியோ, சில படங்களில் மாணவி கையில் விரித்துப் பிடித்திருக்கும் மதிப்பெண் சான்றிதழில் இருக்கிறது. இன்றைய கைபேசிப் படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கினால் அதைப் படித்துவிடலாம். ஆகவே சான்றிதழைத் தூக்கிப் பிடித்த படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் போடமாட்டோம். கைபேசி எண்ணுக்கும் இடமில்லை. மதிப்பெண்ணும் எண்ணும் ஒரே இடத்தில் கிடைத்தால் என்ன நடக்கும் என்பது பிளஸ் டூ பிள்ளை இருக்கும் வீட்டுக்காரர்களுக்குத் தெரியும். 'உங்க பொண்ணுக்கு எங்க காலேஜ்ல சீட் ரெடியா இருக்கு, இன்னைக்கே அட்வான்ஸ் கட்டுங்க' என்று நாளுக்குப் பத்து அழைப்பு வரும். அதில் எது உண்மையான கல்லூரி, எது மோசடி என்று முதல் தலைமுறையாகக் கல்லூரிக்குப் பிள்ளையை அனுப்பும் குடும்பத்தால் எப்படிப் பிரித்தறிய முடியும்?

அடுத்தது ஊர். சென்னை, மதுரை என்று எழுதினால் யாரும் தேடி வந்துவிட முடியாது. இருநூறு வீடுள்ள கிராமத்தின் பெயரோடு அப்பாவின் பெயரும் தொழிலும் சேர்ந்தால் பேருந்து நிறுத்தத்தில் இறங்கிக் கேட்பவனுக்கு அதுவே முகவரி. அதனால் மாவட்டத்தோடு நிறுத்திக்கொள்வோம். பள்ளியின் பெயரைப் போடும்போதும் யோசிக்க வேண்டியிருக்கிறது. ஆதிதிராவிடர் நலப் பள்ளி, கள்ளர் சீரமைப்புப் பள்ளி என்று பெயரிலேயே சமூகத்தைச் சொல்லும் பள்ளிகள் தமிழ்நாட்டில் உண்டு. நாங்குநேரியில் ஒரு மாணவனை உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டிய பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, பள்ளிப் பெயர்களிலிருந்து சாதி அடையாளத்தை நீக்கச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. அப்படிப்பட்ட பள்ளியில் படித்து முதலிடம் வந்த மாணவருக்குப் பள்ளிப் பெயர் பெருமையாகவும் இருக்கலாம், வேண்டாத அடையாளமாகவும் இருக்கலாம். அதை அவர்தான் சொல்ல வேண்டும். நாம் முடிவு செய்யக் கூடாது.

எல்லாவற்றையும்விடச் சங்கடமானது, 'கூலித் தொழிலாளியின் மகள்' என்ற தொடர். பத்திரிகைக்காரர்களாகிய நமக்கு அது மிகவும் பிடித்தமானது. 497 என்ற எண் வாசகரை நிறுத்தாது. சித்தாள் வேலை பார்க்கும் அம்மாவின் மகள் 497 என்றால் நிற்பார், உதவக்கூட முன்வருவார். அப்படி வந்த உதவியால் கல்லூரி சேர்ந்தவர்கள் இருக்கிறார்கள் என்பதை மறுக்க முடியாது. ஆனால் அடுத்த மாதம் அந்தப் பெண் புதிய பள்ளியில் பதினோராம் வகுப்பில் போய் உட்காரும்போது, தான் சொல்லாமலே தன் வீட்டு நிலைமை எல்லோருக்கும் தெரிந்திருக்கும். தகப்பன் குடிப்பது, தாய் பிரிந்து வாழ்வது, பொதுத்தேர்வுக்கு முதல் நாள் வீட்டில் நடந்த சாவு, இவையெல்லாம் உருக்கமான செய்தியாகும். பதினைந்து வயதுப் பிள்ளைக்கோ அது அந்தரங்கம். எனவே குடும்ப நிலையைச் சொல்லும் வரிக்கு மட்டும் தனியாகச் சம்மதம் கேட்போம். உதவி தேவைப்படும் குடும்பம் என்றால், 'இம்மாணவியின் மேற்படிப்புக்கு உதவ விரும்புவோர் ஆசிரியர் குழுவுக்கு எழுதலாம்' என்ற ஒரு வரி போதும். கடிதத்தை நாம் வாங்கி வீட்டுக்குச் சேர்ப்போம்.

குழந்தைகள் இல்லத்தில் வளரும் மாணவர்கள் விஷயத்தில் இன்னும் எச்சரிக்கை வேண்டும். இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தைகள் சம்பந்தப்பட்ட விசாரணைச் செய்திகளில் பெயர், முகவரி, பள்ளி, படம் எதுவும் வெளிவரக் கூடாது என்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறையோ 2 லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ உண்டு. பாராட்டுச் செய்தி விசாரணைச் செய்தி இல்லையே என்று வாதாடலாம். வாதாட விரும்பவில்லை. இல்லத்தின் பெயரைக் கண்டதும் அந்தக் குழந்தை அங்கே எப்படி வந்தது என்ற கேள்வி எழத்தான் செய்யும்.

கேலிக்கு முகம் ஒன்றே போதும் என்பதற்கு 2024 ஏப்ரலில் உத்தரப்பிரதேசத்தில் நடந்ததே சாட்சி. அந்த மாநிலப் பத்தாம் வகுப்புத் தேர்வில் முதலிடம் பெற்ற மாணவியின் படம் வெளியானதும், மதிப்பெண்ணை விட்டுவிட்டு அவள் முகத்தில் இருந்த ரோமத்தைப் பிடித்துக்கொண்டார்கள். பல நாட்கள் நாடு முழுவதும் கேலி ஓடியது. ஓரிரு மதிப்பெண் குறைந்திருந்தால் முதலிடமும் வந்திருக்காது, இந்தப் பேச்சும் வந்திருக்காது என்று அந்தச் சிறுமியே பின்னர் பேட்டியில் சொல்லும்படி ஆனது. படத்தை வெளியிட்டவர்கள் தீய எண்ணத்தோடு செய்யவில்லை. வாழ்த்தத்தான் செய்தார்கள்.

தமிழ்நாட்டில் 2017ஆம் ஆண்டே மாநில, மாவட்ட ரேங்க் அறிவிப்பை அரசு நிறுத்திவிட்டது. சி.பி.எஸ்.இ.யும் தகுதிப் பட்டியல் வெளியிடுவதில்லை. ஆரோக்கியமற்ற போட்டி வேண்டாம் என்பது இரண்டுக்கும் காரணம். போட்டி போனதா? பள்ளி வாசல் ஃப்ளெக்ஸுக்கு இடம் மாறியது, அவ்வளவுதான். அங்கே இருக்கும் பாஸ்போர்ட் அளவுப் படங்கள் பெரும்பாலும் சேர்க்கைக்கும் தேர்வு விண்ணப்பத்துக்கும் கொடுத்தவை. விளம்பரத்துக்கு என்று யாரும் கொடுக்கவில்லை.

சம்மதம் எப்போது வாங்குவது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். ஜூன் மாதம் சேர்க்கைப் படிவத்தின் கடைசிப் பக்கத்தில் 'என் பிள்ளையின் படத்தைப் பள்ளி பயன்படுத்திக்கொள்ளச் சம்மதிக்கிறேன்' என்று பொடி எழுத்தில் வாங்கிய கையெழுத்தைக் காட்டுகிறார்கள். சீட் கிடைக்குமா என்று தவித்துக்கொண்டிருக்கும் பெற்றோர் எதில்தான் கையெழுத்துப் போடமாட்டார்? பயிற்சி மையங்களுக்காக மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல் இந்த இடத்தைச் சரியாகப் பிடித்தது. வெற்றி பெற்றவரின் பெயரையும் படத்தையும் விளம்பரத்தில் போட எழுத்துப்பூர்வமான ஒப்புதல் வேண்டும், அதையும் தேர்ச்சி பெற்ற பிறகே வாங்க வேண்டும் என்றது. அது பயிற்சி மையங்களுக்கு மட்டுமானது என்றாலும், முடிவு வந்த பிறகு கேள் என்ற முறையை நாமும் எடுத்துக்கொள்கிறோம்.

2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாத எல்லோரையும் குழந்தை என்கிறது. அவர்களுடைய விவரத்தைக் கையாளப் பெற்றோரின் சம்மதத்தைச் சரிபார்த்து வாங்கச் சொல்கிறது. கொடுத்த சம்மதத்தை அதே எளிமையோடு திரும்பப் பெறவும் உரிமை தருகிறது. விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் இருக்கிறது. அதுவரை காத்திருப்பானேன்? இதில் ஒரு நுணுக்கம் உண்டு. பிளஸ் டூ முடிப்பவர்களில் சிலருக்கு முடிவு வரும் நாளில் 18 நிரம்பியிருக்கும். அவர்களுக்கு அப்பா போட்ட கையெழுத்து உதவாது, அவர்களேதான் போட வேண்டும். அதற்குக் குறைந்த வயதுள்ளவர் விஷயத்தில் சட்டம் பெற்றோரைக் கேட்டால் போதும் என்கிறது. நாம் இரண்டு பேரையும் கேட்போம். அம்மா சரி என்று மகள் வேண்டாம் என்றால் படம் வராது.

கேட்கும் முறை எளிது. பள்ளிப் பதிவேட்டில் உள்ள பெற்றோர் எண்ணுக்கு, பள்ளி மூலமாகவே நம் உதவி ஆசிரியர் பேசுவார். 'அம்மா, வணக்கம். பாப்பா படம் எங்க பத்திரிகைக்கு வந்திருக்கு. கீழ இப்படித்தான் எழுதப் போறோம், படிக்கிறேன் கேளுங்க. புத்தகத்துல மட்டும் போடலாமா, எங்க வெப்சைட்லயும் போடலாமா? வேண்டாம்னா தயங்காம சொல்லுங்க, ஒண்ணும் தப்பில்ல. போனைப் பாப்பாகிட்டயும் ஒரு நிமிஷம் குடுங்க.' அச்சாகப் போகும் வரியை வார்த்தை மாறாமல் படித்துக் காட்டுவதுதான் இதில் முக்கியம். 'போட்டோ போடலாமா' என்று மட்டும் கேட்டால் எல்லோரும் போடுங்க என்பார்கள். 'கணவரை இழந்து தனியாக வளர்த்த' என்று படிக்கும்போதுதான் 'அது வேண்டாமுங்க' என்ற குரல் வரும். பேசிய பிறகு அதே வரியை எழுத்தில் அனுப்பி 'சம்மதம்' என்ற பதிலை வாங்கி வைப்போம்.

இத்தனைக்கும் பிறகு அந்தக் குறிப்பு இப்படி ஆகும்: 'பத்தாம் வகுப்புத் தேர்வில் 500க்கு 497 மதிப்பெண் பெற்ற தென்காசி மாவட்ட மாணவி, தன் தாயுடனும் தலைமை ஆசிரியையுடனும். கணிதம் படிக்க விருப்பம்.' பெயர் வேண்டும் என்றால் பெயரும் வரும். மொத்த மதிப்பெண் போதும், எந்தப் பாடத்தில் எவ்வளவு குறைந்தது என்று ஊருக்குத் தெரிய வேண்டியதில்லை. கணிதம் படிக்க விருப்பம் என்பது பழைய குறிப்பில் இல்லை. மகளிடம் போனைக் கொடுத்தால்தான் அது கிடைக்கும்.

குழுப் படத்தில் ஒருவர் வேண்டாம் என்றால் அவர் இல்லாத வேறு படம் கேட்போம், அல்லது ஓரத்தில் நிற்பவராக இருந்தால் படத்தின் அந்தப் பகுதியை வெட்டிவிடுவோம். முகத்தை மங்கலாக்க மாட்டோம். அப்படிப் போட்டால் ஏதோ வழக்கில் மாட்டியவர் போலத் தெரிகிறது. இணையதளத்தில் வரும் படக் கோப்புக்கு மாணவர் பெயரை வைக்கமாட்டோம். ஓர் ஆண்டு முடிந்ததும் அந்தப் பக்கத்தை எடுத்துவிடுவோம். நடுவில் எப்போது எழுதிக் கேட்டாலும், காரணம் கேட்காமல் எடுப்போம். அச்சான இதழைத் திரும்பப் பெற முடியாது என்பதைத் தொலைபேசியில் முன்கூட்டியே சொல்லிவிடுவோம்.

படம் அனுப்பும் ஆசிரியர்களுக்கும் சித்தப்பாக்களுக்கும் ஒரு வேண்டுகோள். மாணவர் பெயர், பள்ளி, மொத்த மதிப்பெண், பள்ளியின் அலுவலக எண் ஆகியவை மட்டும் அனுப்புங்கள். மீதியை அந்த வீட்டாரிடம் நாங்கள் கேட்டுக்கொள்கிறோம். ஒப்புதல் பதில் வர இரண்டு மூன்று நாள் ஆகும் என்பதால், முடிவு வந்த வார இதழில் இந்தப் பக்கம் இருக்காது. அடுத்த இதழில் வரும்.