வெப்பத்தில் விரியும் கனமீட்டர்

சாத்தம் வீடுகளின் அடுப்புக்கு எரிவாயு சிலிண்டரில் வருகிறது. 14.2 கிலோ என எடைபோட்டு விற்கப்படும் அதற்கு வெயிலும் மழையும் ஒன்றே. குழாய்வழி வரும் இயற்கை எரிவாயு அவ்வாறன்று. மானி காட்டுவது கனஅளவை மட்டுமே. வெப்பம் மிகுந்தால் வாயு விரிந்து, அதே கனமீட்டருக்குள் எரியும் பொருள் குறைந்துவிடும்.

இக்குறையைச் சரிசெய்யவே பட்டியலில் திருத்தக் காரணி என்றொரு எண் இடம்பெறுகிறது. லண்டன் தமிழர் வீட்டுக்கு வரும் பட்டியலை எடுத்துக்கொள்ளலாம். அங்கே கனமீட்டரை 1.02264 ஆலும், கலோரி மதிப்பாலும் பெருக்கி 3.6 ஆல் வகுத்தால் கிலோவாட் மணி கிடைக்கும். 100 கனமீட்டர், கலோரி மதிப்பு 39.5 மெகாஜூல் எனில்:

100 × 1.02264 × 39.5 ÷ 3.6 = 1122

கலோரி மதிப்பு காலத்துக்கேற்ப மாறும். எனவே அதைச் சரிபார்ப்போர் உண்டு. மாறாத 1.02264 ஐ எவரும் ஐயுறுவதில்லை. ஆனால் சராசரி 12.2 பாகை செல்சியஸ், கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 67 மீட்டர், மானியில் 21 மில்லிபார் மேலழுத்தம் என்னும் கற்பிதங்களிலிருந்து பிறந்த எண் அது. 15 பாகை, 1013.25 மில்லிபார் என்ற நியம நிலைக்கு வாயுவை அது கொண்டுசெல்கிறது. இந்தியாவின் நியமக் கனமீட்டருக்கும் இதே நிலைதான் அடிப்படை.

அந்த எண்ணை அப்படியே சாத்தத்துக்குக் கொண்டுவந்தால் என்ன ஆகும்? கடலோரம், மானியருகே 30 பாகை, மேலழுத்தம் அதே 21 மில்லிபார் எனக் கொள்வோம்:

(1034.25 ÷ 1013.25) × (288.15 ÷ 303.15) = 0.970

இதைக் கொண்டு கணக்கிட்டால் 100 கனமீட்டருக்கு 1064 கிலோவாட் மணியே வரும். 58 அலகுகள், ஐந்து விழுக்காட்டுக்கும் சற்று மேல், எரியாத வாயுவுக்கான கட்டணம். காரணியே இல்லாமல், அதாவது 1 எனக் கொண்டு கணக்கிட்டாலும் மூன்று விழுக்காடு மிகை. நிலத்தடிக் குழாய் சற்றுக் குளிர்ந்திருக்கலாம். ஆயினும் வீட்டு அடுப்பின் சிறிய ஓட்டத்தில் வாயு மானிக்குள் தங்கி, அவ்விடத்தின் வெப்பத்தையே பெரும்பாலும் ஏற்றுக்கொள்கிறது.

பிழை எப்போதும் இத்தனை மறைவாக இருப்பதுமில்லை. பழைய பிரித்தானிய மானிகள் நூறு கனஅடிகளில் எண்ணின; ஓர் அலகு 2.83 கனமீட்டர். புதிய மானியைப் பழையதெனப் பதிவுசெய்துவிட்டால் தொகை ஏறக்குறைய மூன்று மடங்காகும். பயனீட்டாளர் அதை உடனே கண்டுகொள்வார். ஐந்து விழுக்காட்டை ஒருவரும் கண்டுகொள்ளார்; ஆகவே அதுவே கவலைக்குரியது.

பிரித்தானியாவில் ஆண்டுக்கு 7,32,000 கிலோவாட் மணிக்கு மேல் செலவிடுவோருக்கு அவ்விடத்துக்கேற்ற காரணி வகுக்கப்படுகிறது. வீடுகளுக்குச் சராசரியே போதுமென விடப்படுகிறது. ஆண்டு முழுவதும் வெப்பம் குன்றாத கடலோர ஊருக்கு அது பொருந்தாது. அங்கே பிழை குளிர்காலத்தில் ஈடாவதில்லை; எப்போதும் ஒரே பக்கம் சாய்கிறது. ஆகவே பட்டியலில் காரணியின் மதிப்போடு, அது எந்த வெப்பநிலைக்கும் அழுத்தத்துக்கும் கணக்கிடப்பட்டது என்பதும் அச்சிடப்பட வேண்டும். மானியருகே ஒரு வெப்பமானி இருந்தால், மேற்கண்ட வகுத்தலை எந்தப் பயனீட்டாளரும் தாமே செய்து பார்க்கலாம்.