'விரைவில்' வரும் சாவி

திண்டுக்கல்லில் பூட்டு வாங்கப் போகிறீர்கள். "பூட்டு இந்தாங்க சார், சாவி விரைவில் வரும்" என்கிறார் கடைக்காரர். காசு கொடுப்பீர்களா? "சாவி வந்ததும் வர்றேண்ணே" என்று நடையைக் கட்டுவீர்கள். அதே நீங்கள்தான், 'பீட்டா', 'பிரிவியூ', 'கமிங் சூன்' என்று போட்ட வசதிகளை நம்பி ஒரு வருட சந்தாவை மொத்தமாகக் கட்டுகிறீர்கள்!

எங்கள் ஊர் ஜவுளிக்கடை நண்பர் ஒருவர் அப்படித்தான் பில்லிங் சாஃப்ட்வேர் வாங்கினார். வாட்ஸ்அப்பில் பில் அனுப்பும் 'பீட்டா' வசதிக்காகவே வாங்கினார். ஆறாவது மாதம் அந்த வசதி அடுத்த விலைத் திட்டத்துக்கு மாறிவிட்டது. கேட்டால், "கண்டிஷன்ல இருக்கே சார்" என்றார்கள். இருந்தது. பீட்டா வசதியை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், நிறுத்தலாம், கட்டணம் விதிக்கலாம் என்று பொடி எழுத்தில்! இது அவர்கள் மட்டும் செய்வதல்ல, பெரும்பாலான நிறுவனங்களின் ஒப்பந்தத்தில் இந்த வரி உண்டு.

'பெரிய கம்பெனி ஏமாத்தாதுங்க' என்பீர்கள். 2016 ஞாபகம் இருக்கிறதா? ஜியோ அறிமுகமானபோது கொடுத்த இலவசத்தின் பெயரே 'பிரிவியூ ஆஃபர்'. செப்டம்பரில் அது 'வெல்கம் ஆஃபர்' ஆனது. 2017 ஏப்ரல் முதல் டேட்டாவுக்குக் காசு. சரி, இலவசம் முடிந்தது, நியாயம். ஆனால் வாய்ஸ் கால் என்றைக்கும் இலவசம் என்று 2016-ல் மேடையிலேயே சொன்னார்களே? 2019 அக்டோபரில் மற்ற நெட்வொர்க்குக்குப் பேச நிமிடத்துக்கு 6 பைசா வந்தது. எதிர் நெட்வொர்க்குக்குத் தரவேண்டிய இணைப்புக் கட்டணம் நீடிக்கிறது என்று காரணம் சொன்னார்கள். அந்தக் கட்டணம் ஒழிந்த பிறகு, 2021 ஜனவரியில்தான் மறுபடி இலவசம்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 6 பைசா வருவதற்கு முன்பே ரீசார்ஜ் செய்திருந்தவர்களுக்கு, அந்த ரீசார்ஜ் முடியும்வரை பழைய இலவசம் தொடர்ந்தது. அதாவது, காசு கொடுத்து வாங்கிய திட்டம் நின்றது. மேடையில் சொன்ன 'என்றைக்கும்' நிற்கவில்லை!

ஆகவே, உத்தரவாதம் உண்டா என்றால், இல்லை. பில்லிலும் திட்டப் பட்டியலிலும் இன்றைக்கு இருப்பது மட்டுமே உங்களுடையது. 'பீட்டா'வைக் கழித்துவிட்டுப் பாருங்கள். மீதிக்கு அந்த விலை தகுமா? தகும் என்றால் வாங்குங்கள். அந்த வசதிதான் வேண்டுமென்றால் மாத சந்தா போதும், போனால் ஒரு மாதக் காசோடு போகும். விற்பவர் "ஜூன்ல கண்டிப்பா வந்துரும்" என்றால், "அதை மெயில்ல எழுதுங்க, வரலைன்னா பணம் வாபஸ்னும் சேர்த்து எழுதுங்க" என்று கேளுங்கள். எழுதினால், நாளைக்கு நுகர்வோர் ஆணையத்தில் காட்ட உங்கள் கையில் ஒரு தாள் இருக்கும்.

எழுத மாட்டேன் என்றால்? சாவி இல்லை என்று அர்த்தம். நடையைக் கட்டுங்கள்.