‘பொதுவாகச் சைவம்’ என்பது யாருடைய பொது?

நண்பர் ஒருவரின் மகனுக்கும் தூத்துக்குடிக் கடற்கரையைச் சேர்ந்த பெண் ஒருத்திக்கும் திருமணம் பேசி முடிந்தது. நண்பருடையது திருநெல்வேலிச் சைவக் குடும்பம். முட்டைகூட வாசற்படி தாண்டாத வீடு. பெண் வீட்டிலோ, மீன் இல்லாத நாளைப் ‘பட்டினி நாள்’ என்று வேடிக்கையாகச் சொல்லும் வழக்கம். சாதி, சாதகம், சீர் என எல்லாவற்றையும் ஒருவழியாகக் கடந்து வந்த பேச்சுவார்த்தை, இரு குடும்பமும் முதன்முதலாகச் சேர்ந்து அமர்ந்து உண்ணப்போகும் விருந்தில் வந்து தரை தட்டியது. பெண் வீட்டில் விருந்து. இருபுறமும் சேர்த்துப் பதினான்கு பேர். என்ன சமைப்பது?

“இதிலென்ன குழப்பம்? எல்லோருக்கும் பொதுவாகச் சைவமே வைத்துவிடலாம்” என்றார் ஒரு பெரியவர். “வெள்ளிக்கிழமையாகப் பார்த்து வைத்துவிட்டால் பேச்சே எழாது” என்றார் இன்னொருவர். இருவரும் நல்லவர்கள், யாரையும் புண்படுத்த எண்ணியவர்கள் அல்லர். ஆயினும் இவ்விரு யோசனைகளையும் நாங்கள் எதிர்த்தோம். இப்போதும் எதிர்க்கிறோம்.

முதலில் அந்தப் ‘பொது’ என்ற சொல். 2014ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவு முறை ஆய்வின்படி, தமிழ்நாட்டில் புலால் உண்போர் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேருக்கும் மேல். எஞ்சிய இருவர் மூவரின் இலைக்குப் ‘பொது’ என்றும், தொண்ணூற்றேழு பேரின் இலைக்கு ‘அ’ என்னும் எதிர்மறை முன்னொட்டு ஒட்டிய ஒரு பெயரும் வழங்குவது மொழியின் தற்செயல் அன்று. அவர்கள் உண்பதற்கெனத் தனிப்பெயர் இல்லை. இன்னொன்று அல்லாதது என்பதே அதன் பெயர். போதாததற்கு உணவகப் பலகைகளில் ‘சுத்த’ என்னும் அடைமொழி வேறு. மற்றது என்னவாம்?

இதற்கு வரும் மறுமொழி வலுவானது. அதைத் தட்டிக்கழிக்க மாட்டோம். “மீன் உண்பவர் சாம்பாரும் உண்பார். சாம்பார் மட்டும் உண்பவர் மீன் உண்ண மாட்டார். ஆகவே இருவருக்கும் ஒத்துவருவதைச் சமைப்பதுதானே அறிவு?” இந்தக் கணக்கு சரியே. ஆனால் ஒவ்வொருவர் இலையிலும் என்ன விழலாம் என்பதற்குத்தான் அது விடை. அடுத்தவர் இலையில் என்ன விழக்கூடாது என்பதற்கு அதில் விடை இல்லை. புலால் உண்ணாதவர் வயிறார, ஐயமின்றி உண்ண வேண்டும் என்பது ஒரு கோரிக்கை. அதை நூறு சதவீதம் ஏற்கிறோம். அவர் கண்ணெதிரே வேறெவரும் உண்ணக்கூடாது என்பது முற்றிலும் வேறொரு கோரிக்கை. முதலாவதைக் காட்டி இரண்டாவதை வாங்கிக்கொள்வதைத்தான் ‘பொது’ என்ற சொல் செய்கிறது.

ஒரு வேளைதானே, விட்டுக்கொடுத்தால் என்ன என்று கேட்கலாம். ஒரு வேளை என்றால் நாங்களும் வாய் திறந்திருக்க மாட்டோம். எங்களுக்கு நன்கு தெரிந்த அம்மையார் ஒருவர் இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் இப்படியொரு வீட்டில் வாழ்க்கைப்பட்டவர். முதல் விருந்து ‘மரியாதைக்காக’ மரக்கறியாக இருந்தது. இரண்டாவது விருந்தும் அப்படியே. மூன்றாவதற்கு எவரும் கேட்கவில்லை. இன்று அவர் ஆண்டுக்கு இரண்டு முறை தாய்வீட்டில், கதவைச் சாத்திக்கொண்டு மீன் சாப்பிடுகிறார். புறப்படுமுன் இரண்டு தரம் பல் துலக்குகிறார். கணவர் கொடுமைக்காரர் அல்லர். ‘நீ சாப்பிடாதே’ என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய தேவையே எழவில்லை என்பதுதான் விஷயம். முதல் நாள் பரணில் ஏற்றப்பட்ட மீன்சட்டி பின்னர் இறங்குவதே இல்லை.

வெள்ளிக்கிழமை யோசனை இதைவிட மோசம். வெள்ளி, அமாவாசை, கிருத்திகை, புரட்டாசிச் சனி என்று புலால் உண்ணும் வீடுகள் தாமாகவே விலக்கும் நாட்கள் உண்டு. அது அவர்கள் பக்தி. அந்தப் பக்தியின் பின்னால் நாம் ஒளிந்துகொள்வது கேள்வியைத் தீர்ப்பதாகாது. சனிக்கிழமைக்குத் தள்ளிவைப்பதே ஆகும்.

நம் இலக்கியத்தில் இதைவிட நேர்மையான விருந்துமுறை ஒன்று இருக்கிறது. கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படையில், தொண்டைமான் இளந்திரையனிடம் செல்லவிருக்கும் பாணனுக்கு வழியில் எந்த வீட்டில் எது கிடைக்கும் என்று முன்கூட்டியே சொல்லப்படுகிறது. எயினர் குடியில் உடும்பின் பொரியல். வலைஞர் குடியில் மீன். மறையவர் மனையில் மாதுளங்காய்க் கறியும் மாங்காய் ஊறுகாயும். ஒவ்வொரு மனையும் தன் உணவையே தருகிறது. எவரும் இன்னொருவர் அடுப்பை வேடம் போட்டுக் காட்டவில்லை. அந்தப் பாணனுக்கு எந்த விலக்கும் இல்லை என்பது நம் சிக்கலுக்கும் அவன் வசதிக்கும் உள்ள வேறுபாடு, ஒப்புக்கொள்கிறோம். ஆனால் செல்பவனுக்கு முன்பே தெரிவித்துவிடுவது என்ற பண்பை அங்கிருந்து எடுத்துக்கொள்ளத் தடையில்லை.

அதைத்தான் செய்தோம். விருந்துக்குப் பத்து நாள் முன்பு மாப்பிள்ளை வீட்டாரிடம் கேட்டோம். ‘நீங்கள் சைவமா?’ என்று கேட்பதில் பயனில்லை; அந்த ஒரு சொல்லுக்குள் ஐந்தாறு வகை மனிதர்கள் இருக்கிறார்கள். முட்டை சேர்ந்த கேக் சாப்பிடுவீர்களா? வெங்காயம் பூண்டு உண்டா? மீன் பொரித்த எண்ணெயில் பொரித்த அப்பளம்? ஒரே வரிசையில் பக்கத்து இலையில் மீன் இருந்தால்? விடைகள் எங்களையே வியக்கவைத்தன. கடுமையானவர் என்று எல்லோரும் அஞ்சிய பாட்டி, “அவர்கள் வீட்டில் அவர்கள் சாப்பிடுவதை நான் ஏன் தடுக்க வேண்டும்? என் கரண்டி தனியாக இருக்கட்டும், போதும்” என்றார். உண்மையில் தாங்க முடியாதவர் ஒருவர் மட்டுமே: மாப்பிள்ளையின் அத்தை. அவருக்குக் கொள்கை ஏதுமில்லை. வாடை பட்டால் குமட்டல் வந்துவிடும். கொள்கைக்கு வாதம் செய்யலாம். குமட்டலுக்குச் சன்னலோரம் இடம் போட வேண்டும்.

பெண்ணின் பெரியம்மாதான் சமையல். அவரிடமும் கேள்வியை மாற்றிக் கேட்க வேண்டியிருந்தது. “எல்லாம் சைவம்தான்” என்பது அவர் முதல் பதில், பொய்யும் அன்று. “துவையலில் என்னென்ன போடுவீர்கள், எதில் அரைப்பீர்கள்?” என்று ஒவ்வொன்றாகக் கேட்டபோதுதான் மாசி வெளிப்பட்டது. மாசி என்பது அவித்துப் புகையிட்டு உலர்த்திய சூரை மீன். கல்போல் இறுகிய அதைச் சீவித் தேங்காயோடு அரைப்பது அங்குள்ள வழக்கம். ஒரு சிட்டிகைதான், ருசிக்காக. அவர் கணக்கில் அது மீனே அன்று, உப்பு மிளகாய் போல ஒரு சேர்மானம். அதே அம்மியில் மாசி சேர்க்காமல் அரைத்தாலும் வாடை ஒட்டும். புலால் உண்ணாதவர்களின் அச்சம் வெற்றுப் பிகு அன்று என்பதை எங்களில் சிலர் அன்றுதான் உணர்ந்தோம்.

ஆகவே இந்தக் கண்டனம் எங்கள் பக்கத்துக்கும் உண்டு. ‘துண்டை எடுத்துவிட்டுக் குழம்பை ஊற்றிக்கொள்ளுங்கள்’ என்பவர்கள், ‘ஒரு வாய் தின்றுதான் பாருங்களேன்’ என்று இலைமேல் குனிபவர்கள், கறிச்சாற்றைப் பருப்பில் கலந்துவிட்டுப் பிறகு சொல்லிச் சிரிப்பவர்கள்: இவர்கள் முற்போக்காளர்கள் அல்லர். ஒருவர் உடலுக்குள் அவர் இசைவின்றி எதையும் செலுத்துவது வேடிக்கையாகாது. மாசியைச் சொல்லாமல் விட்டிருந்தால், தெரியவரும் நாளில் அந்தப் பாட்டியின் கேள்விக்கு எங்களிடம் விடை இருந்திராது.

ஏற்பாடு இவ்வாறு அமைந்தது. காலை ஏழு மணிக்குத் தொடங்கி மரக்கறிச் சமையல் முழுவதும் முதலில். சோறு, சாம்பார், ரசம், அவியல், கூட்டு, பாயசம். இது மட்டுமே உண்பவருக்கும் முழு விருந்து. ‘உங்களுக்குத் தயிரும் ஊறுகாயும் இருக்கிறது’ என்ற அவமானம் இல்லை. துவையல் மிக்சியில், பக்கத்து வீட்டிலிருந்து வாங்கிவந்த பாத்திரத்தில். அப்பளம் புது எண்ணெயில் முதலில் பொரிக்கப்பட்டு டப்பாவில் மூடப்பட்டது. இவை கூடத்துக்குப் போன பிறகே மீன் கழுவத் தொடங்கினார்கள். குழம்பு அடுக்களையில்; சீலா மீன் வறுவல் மட்டும் கொல்லையில் தனி அடுப்பில். வாடை பெரும்பாலும் பொரிக்கும்போதுதான் எழுகிறது. வீட்டுக்குள் பொரித்திருந்தால் அத்தைக்குச் சன்னலோரமும் உதவியிராது. பரிமாறுபவர் இருவர், மீன் கொண்டுவந்தவர் வேறெந்தக் கரண்டியையும் தொடவில்லை. முதலில் எல்லோர் இலையிலும் மரக்கறி; மீன் கடைசியில், கேட்டவருக்கு மட்டும்.

ஒரே பந்தி. இதில் மட்டும் நாங்கள் பிடிவாதமாக இருந்தோம். இரண்டு பந்தியாகப் பிரித்தால் வேலை எளிது. ஆனால் இரண்டாம் பந்தியில் உட்கார்பவர் யாரென்று இந்த நாட்டில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2018இல் சென்னை ஐஐடியின் உணவுக்கூடம் ஒன்றில் இரு வகையினருக்கும் தனித்தனி வாசலும் கைகழுவும் தொட்டியும் குறித்து அறிவிப்பு ஒட்டப்பட்டதும், எதிர்ப்பெழுந்தபின் அவை அகற்றப்பட்டதும் நினைவிருக்கலாம். தனிக் கரண்டி ஓர் உணவுமுறையைக் காக்கிறது. தனித் தொட்டி காப்பது வேறெதையோ.

எல்லாம் இனிதே நடந்தது என்று சொல்ல மாட்டோம். மாப்பிள்ளையின் சித்தப்பா பாயசம் வரை காத்திராமல் எழுந்து போனார். காரணம் கேட்டதற்கு வெயில் என்றார்.

திருமணத்துக்குப் பிறகு திருநெல்வேலியில் மறுவீட்டு விருந்து. அங்கே வழக்கப்படி சொதி. ஐந்து தேங்காயின் பால்; இரண்டாம் பாலில் காய்களும் வெந்த பாசிப்பருப்பும், கெட்டியான முதற்பால் இறுதியில், கொதிக்கவிடாமல். கொதித்தால் திரிந்துவிடும். எலுமிச்சை இறக்கிய பின்னர்தான். தேங்காய்ப்பால் செரிக்க இஞ்சித் துவையல். அந்த வீட்டில் மீன் கேட்க எவரும் எண்ணவில்லை; கேட்கவும் கூடாது. அது அவர்கள் அடுப்பு. இங்கே மரக்கறி மட்டும் உண்டது விட்டுக்கொடுத்தலாகத் தோன்றாததற்குக் காரணம், அங்கே மீன் மறைக்கப்படாததுதான். பெண்ணின் தந்தை மூன்று முறை சொதி வாங்கினார்.

மணமக்கள் இப்போது சென்னையில் வாடகை வீட்டில் இருக்கிறார்கள். மீனுக்கென ஒரு சட்டி, ஒரு கத்தி, ஒரு பலகை தனியே இருக்கின்றன. ஞாயிறுதோறும் அவள் சமைக்கிறாள், அவன் சன்னல்களைத் திறந்துவைக்கிறான். குளிர்பதனப் பெட்டியில் முட்டையை எந்தத் தட்டில் வைப்பது என்பதில் மட்டும் இன்னும் முடிவு எட்டப்படவில்லை. வீட்டு உரிமையாளர் ‘சைவம் மட்டும்’ என்று சொல்லித்தான் வாடகைக்கு விட்டாராம்; சன்னல் திறப்பது அவருக்கு இன்னும் தெரியாது.