பந்தலில் நாடியை இருமுறை பாருங்கள்

பங்குனி உத்திரத்துக்குக் கொடுமுடியில் காவிரித் தீர்த்தம் எடுத்துப் பழனிக்கு நடப்பவர்கள், தார்ச்சாலை கொதிக்கும் நாட்களில்தான் நடக்கிறார்கள். வழியோர முகாமில் உட்காரும் நாம் வந்தவரின் நாடியை ஒருமுறை பார்த்துச் சீட்டில் எழுதி, ஓ.ஆர்.எஸ். கொடுத்து அனுப்பிவிடுகிறோம். அந்த ஒற்றை எண்ணை வைத்துப் பெரிதாக எதுவும் சொல்லிவிட முடியாது.

விடிகாலையில் 100 துடிப்போடு நடந்தவர், பதினோரு மணிக்கு அதே நடையில் 125-ஐத் தொடலாம். உடலைக் குளிர்விக்க ரத்தம் தோலுக்குத் திரும்புகிறது. வியர்வையில் நீர் போகிறது. ஒரு துடிப்புக்கு வெளியேறும் ரத்தம் குறைவதால், இதயம் எண்ணிக்கையைக் கூட்டி ஈடுகட்டுகிறது. "காலையில நடந்த மாதிரிதாங்க நடக்குறேன்" என்று ஒருவர் சொன்னால், அதுதான் நாம் கவலைப்பட வேண்டிய பதில். வெயில் ஏற ஏற நடை தளர வேண்டும்.

வெயிலில் உழைக்கும் தொழிலாளர்களுக்கு வகுத்த வரம்புகள் இங்கும் உதவும். 180-இலிருந்து வயதைக் கழித்து வரும் எண்ணுக்கு மேல் நாடி சில நிமிடங்கள் நீடித்தால் நடப்பதை நிறுத்த வேண்டும். ஓய்வின் தொடக்கத்தில் 110-ஐத் தாண்டியிருந்தால் ஓய்வு நேரத்தை மாற்றாமல் அடுத்த நடையை மூன்றில் ஒரு பங்கு குறைக்க வேண்டும்.

54 வயதுக்காரர் ஒருவர் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய வரம்பு 126. உட்கார்ந்த முதல் நிமிடத்தில் 118, மூன்றாம் நிமிடத்தில் 96 என்றால் இதயம் நன்றாக இறங்குகிறது; ஒரு மணி நேரம் நடந்து வந்தவரை அடுத்து நாற்பது நிமிடம் நடக்கச் சொல்லலாம். இன்னொருவருக்கு முதலில் அதே 118 இருந்து, மூன்றாம் நிமிடத்திலும் 112 என்றால் அனுப்பக் கூடாது. பத்துத் துடிப்புகூட இறங்காதவரை வெயில் தாழும்வரை நிழலில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் முறை பார்த்ததோடு நிறுத்தியிருந்தால் இருவரும் நமக்கு ஒன்றுதான்.

இந்தக் கணக்கு ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு. அட்டினலால், மெட்டோப்ரோலால் சாப்பிடுபவரின் நாடி 90-ஐத் தாண்டாமலே அவர் சரிந்துவிடலாம். எனவே நாடிக்கு முன் மாத்திரையைக் கேளுங்கள். விரதத்துக்காக மாத்திரையை நிறுத்தியிருப்பவர்களும் உண்டு. பீட்டா பிளாக்கரைத் திடீரென நிறுத்தினால் துடிப்பு எகிறும், நெஞ்சுவலியும் வரலாம். மாலை போடும்போதே குடும்ப மருத்துவர் பேசியிருக்க வேண்டிய விஷயம் இது.

கோயில் வரிசையில் நின்றபடியே மயங்குபவரின் கதை வேறு. ரத்தம் காலில் தேங்கியிருக்கும், நாடி பெரும்பாலும் மெதுவாக இருக்கும். படுக்கவைத்துக் காலை உயர்த்தினால் சில நிமிடங்களில் தெளிவார். தெளியாமல் உளறினாலோ ஊர் பெயர் சொல்லத் தடுமாறினாலோ, உடம்பும் கொதித்தால், வெப்பவாதம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். நடந்து வந்தவருக்குத் தோல் வியர்த்து ஈரமாகவே இருக்கலாம். அக்குள் வெப்பமானி குறைத்துக் காட்டும், பாராசிட்டமால் பயன்படாது. ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, அது வரும்வரை காத்திராமல், உடலெங்கும் தண்ணீர் ஊற்றி விசிறத் தொடங்குங்கள்.